பொருத்துக: வைட்டமின் ஏ – மாலைக்கண். அவ்ளோதானா?

அரியலூர் பக்கத்துல இருந்து ஒரு அம்மா வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ அனுப்பியிருந்தாங்க. மகளோட மனையியல் பாடத்துக்குக் கொடுத்த ஒர்க்ஷீட். மேலே "சரிவிகித உணவு" என்று ஒரு அட்டவணை, கீழே "பொருத்துக". இடது பக்கம் சத்துகள், வலது பக்கம் நோய்கள். வைட்டமின் ஏ – மாலைக்கண். வைட்டமின் சி – ஸ்கர்வி. வைட்டமின் டி – ரிக்கெட்ஸ். அயோடின் – முன்கழுத்துக் கழலை. இரும்பு – ரத்தசோகை. பென்சிலால் கோடு போட்டு எல்லாம் சரியாகவே பொருத்தியிருந்தது பிள்ளை. "சார், சரியா இருக்கானு பார்த்துச் சொல்லுங்க" என்பதுதான் கேள்வி.

சரியாத்தான் இருக்கு. பரீட்சையிலும் அப்படியே எழுதட்டும், முழு மார்க் கிடைக்கும்.

ஆனா அந்த முதல் வரி இருக்கே, "வைட்டமின் ஏ – மாலைக்கண்", அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாப் பேசணும் நண்பர்களே. ஏன்னா அந்த ஒரு வரி எவ்வளவு முக்கியமான விஷயத்தை விட்டுடுதுன்னு உலகத்துக்குக் காட்டிய பெரிய ஆய்வுகளில் ஒன்று நடந்தது நம்ம பக்கத்துலதான். அன்றைய திருச்சி மாவட்டத்துக் கிராமங்களில். பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995இல். அரியலூர் அதிலிருந்து பிரிந்து, திரும்பச் சேர்ந்து, 2007இல்தான் நிலையாகத் தனி மாவட்டம் ஆச்சு. அதுக்கு முன்னாடி ரெண்டுமே திருச்சி மாவட்டம்தான். இந்த ஆய்வு நம்ம ஊர் மனையியல் பாடத்துல ஒரு வரியா கூட வராதது எனக்கு வருத்தம்தான்.

முதல்ல மாலைக்கண் எப்படி வருதுன்னு பார்த்துடுவோம். கண்ணுக்குள்ள விழித்திரையில் மங்கலான வெளிச்சத்தில் பார்ப்பதற்கென்றே சில செல்கள் இருக்கு. அந்தச் செல்களில் இருக்கும் ஊதா நிறப் பொருளை உருவாக்க வைட்டமின் ஏ வேணும். சத்து குறைஞ்சா அந்தப் பொருள் போதிய அளவு உருவாகாது. பகல்ல குழந்தை நல்லாத்தான் விளையாடும். பொழுது சாய்ந்ததும் வாசல்ல உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காது. தட்டில் வைத்த சோற்றைக் கையால் துழாவும். கதவு நிலையில் முட்டிக்கும். ரெண்டு வயசுக் குழந்தைக்கு "எனக்குக் கண் தெரியல"ன்னு சொல்லத் தெரியாது. அம்மாவோ பாட்டியோ கவனிச்சுச் சொன்னாத்தான் உண்டு.

அதுக்கு அடுத்த கட்டத்தில் கண்ணின் வெள்ளைப் பகுதி பளபளப்பை இழந்து காய்ந்து போகும். கருவிழிக்குப் பக்கத்துல சோப்பு நுரை ஒட்டின மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு வரும். அதுக்கு பிட்டாட் புள்ளின்னு பேர். அதையும் கவனிக்காம விட்டா கருவிழியே காய்ந்து, கரைந்து, பார்வை நிரந்தரமாப் போயிடும். மாலைக்கண் வரைக்கும் முழுசாச் சரிபண்ண முடியும். கருவிழி கரைஞ்சுட்டா திரும்ப வராது.

இவ்வளவும் கண் சம்பந்தப்பட்ட கதை. ஒர்க்ஷீட் இதோட முடிச்சுக்குது. பிரச்சினையும் அங்கேதான்.

வைட்டமின் ஏ கண்ணுக்கு மட்டும் வேலை செய்யும் சத்து இல்ல. மூக்கு, மூச்சுக்குழாய், குடல், சிறுநீர்ப்பாதை எல்லாத்துக்கும் உள்ளே ஈரமான ஒரு மெல்லிய உறை இருக்கு. கிருமி உள்ளே நுழையாமத் தடுக்கும் முதல் வேலி அதுதான். அந்த உறையைச் சளி சுரக்கும் ஈரமான நிலையில் வைத்திருக்க வைட்டமின் ஏ வேணும். அது குறைஞ்சா உறை காய்ந்து, தோல் மாதிரி தடித்துப் போகும். கண்ணில் நாம் வெளியே பார்க்கும் அந்த வறட்சி, பார்க்க முடியாத நுரையீரலிலும் குடலிலும் நடக்கும். நோய் எதிர்ப்பு செல்கள் சரியா வளர்றதுக்கும் இதே சத்துதான் வேணும்.

அப்போ கண்ணில் அறிகுறி தெரியறதுக்கு முன்னாடியே குழந்தையோட உடம்பு பலவீனமா இருக்குமா? இந்தக் கேள்வியை முதலில் பெருசா எழுப்பியவர் ஆல்ஃபிரட் சாமர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர். இந்தோனேசியாவில் குழந்தைகளின் கண்ணைப் பரிசோதிக்கப் போனவர், தன் கணக்கேட்டில் வேறொன்றைப் பார்த்தார். லேசான கண் அறிகுறி மட்டும் இருந்த குழந்தைகள், அறிகுறி இல்லாத குழந்தைகளை விட ஏறக்குறைய நாலு மடங்கு அதிகமா இறந்திருந்தார்கள். 1983இல் அதை வெளியிட்டபோது பலர் நம்பவில்லை. "அந்தக் குழந்தைகள் ஏழைகள், எல்லாச் சத்தும் குறைவு, அதனால் இறந்திருப்பார்கள், இதுல வைட்டமின் ஏ மட்டும் என்ன செய்யும்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நானா இருந்தாலும் கேட்டிருப்பேன். இதுக்குப் பதில் சொல்ல ஒரே வழி, ஒரு பாதிக் குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ கொடுத்து, மறு பாதிக்குக் கொடுக்காம, யாருக்கு எதுன்னு கொடுப்பவருக்கும் தெரியாம வைத்து எண்ணிப் பார்ப்பதுதான்.

அப்படி எண்ணிப் பார்த்த ஆய்வுகளில் ஒன்றுதான் நம்ம பக்கத்து ஆய்வு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் டாக்டர் லக்ஷ்மி ரஹ்மத்துல்லாவும் துளசிராஜும் மற்றவர்களும் சேர்ந்து செய்தது. 1990இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளிவந்தது.

மொத்தம் 15,419 குழந்தைகள், ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை. ஊர்ச் சுகாதாரத் தன்னார்வலர்கள் வாரம் ஒரு தடவை வீடு வீடாப் போய் ஒரு சின்ன அளவு மருந்தை வாயில் விட்டார்கள். ஒரு பிரிவுக்கு வைட்டமின் ஏயும் வைட்டமின் ஈயும். இன்னொரு பிரிவுக்கு வைட்டமின் ஈ மட்டும். அதே கையோட அந்த வாரம் குழந்தைக்குக் காய்ச்சலா, பேதியா, இருமலா என்று எழுதிக்கொண்டார்கள். ஒரு வருஷம் முழுக்க.

வருஷக் கடைசியில் விபத்து இல்லாத மரணங்களைக் கணக்குப் பார்த்தபோது, வைட்டமின் ஏ வாங்காத பிரிவில் 80 குழந்தைகள். வாங்கிய பிரிவில் 37. ரெண்டு பிரிவிலும் ஏறக்குறைய 7,700 குழந்தைகள்தான். பாதிக்கும் கீழே குறைஞ்சுடுச்சு. மூணு வயசுக்குக் கீழே இருந்த குழந்தைகளிடமும், வயசுக்கேத்த உயரம் இல்லாத குழந்தைகளிடமும் பலன் இன்னும் அதிகம்.

இப்ப அந்த மருந்தின் அளவைப் பாருங்க. வாரத்துக்கு 8,333 யூனிட். மைக்ரோகிராமில் சொன்னா 2,500. ஒரு சின்னக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 400 மைக்ரோகிராம். ஏழு நாளுக்கு 2,800. அதாவது அவங்க கொடுத்தது ஏதோ பெரிய மருந்து இல்ல. அந்தக் குழந்தை ஒரு வாரம் ஒழுங்காச் சாப்பிட்டிருந்தா சோத்தோட உள்ளே போயிருக்க வேண்டிய அளவு. அவ்ளோதான். அந்த அளவு போகாததாலதான் அந்த 80க்கும் 37க்கும் இடையில் இருக்கும் குழந்தைகள் போனார்கள். இந்தக் கணக்கை முதல் தடவை போட்டுப் பார்த்த அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல.

இன்னொன்றும் இருக்கு. அதே குழு அடுத்த வருஷம் இன்னொரு கட்டுரை வெளியிட்டது. வாரவாரம் எழுதி வைத்த காய்ச்சல், பேதி, இருமல் கணக்கை அலசியபோது, ரெண்டு பிரிவிலும் நோய் வந்தது ஏறக்குறைய ஒரே அளவுதான். வளர்ச்சியிலும் வித்தியாசம் இல்லை. பேதி அதே மாதிரி வந்தது, சளி அதே மாதிரி பிடித்தது. ஆனா ஒரு பிரிவில் குழந்தை மூணு நாள் படுத்துட்டு எழுந்திருச்சது. இன்னொரு பிரிவில் அதே பேதியில் போயிடுச்சு.

இதைப் "பொருத்துக"வில் எங்கே போய்ப் பொருத்துவீங்க? இறந்த குழந்தையின் சான்றிதழில் பேதின்னு இருக்கும், நிமோனியான்னு இருக்கும், அம்மைன்னு இருக்கும். வைட்டமின் ஏ குறைபாடுன்னு யாரும் எழுத மாட்டாங்க. ஒர்க்ஷீட் படிச்ச பிள்ளை வளர்ந்து அம்மா ஆகும்போது, "என் குழந்தைக்குத்தான் ராத்திரி கண் நல்லாத் தெரியுதே, வைட்டமின் ஏ எல்லாம் சரியாத்தான் இருக்கும்" என்று நினைக்கும். அட்டவணை சொல்லிக்கொடுத்தது அதைத்தானே.

நியாயமா இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். எல்லா ஆய்வும் இதே பதிலைச் சொல்லல. ஹைதராபாத் பக்கம் நடந்து அதே 1990இல் வந்த ஆய்வில் வித்தியாசம் தெரியல. உத்தரப் பிரதேசத்தில் பத்து லட்சம் குழந்தைகளிடம் நடந்த பெரிய ஆய்வு 2013இல் வந்தது. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பெரிய டோஸ் கொடுத்ததில் மரணம் 4 சதவீதம்தான் குறைந்தது. அது தற்செயலாகக்கூட இருக்கலாம். அதை வைத்து "எல்லோருக்கும் வைட்டமின் ஏ திட்டமே வேண்டாம்" என்று வாதாடும் மருத்துவர்களும் நம்ம நாட்டில் இருக்காங்க. என் கருத்து இதுதான்: குழந்தைகள் எவ்வளவு குறைபாட்டில் இருக்காங்க, தட்டம்மைத் தடுப்பூசி எவ்வளவு பேருக்குப் போய்ச் சேர்ந்திருக்கு, டோஸ் உண்மையிலேயே வாயில் விழுந்ததா என்பதைப் பொறுத்துப் பலன் மாறும். திருச்சிக் கிராமத்தில் ஒரு ஆள் வாரவாரம் வீட்டுக்கே வந்தார். அது வேற, ஆறு மாசத்துக்கு ஒருமுறை முகாம் என்பது வேற. இன்னைக்கு நம்ம பெரம்பலூர், அரியலூர் கிராமங்களும் அன்னைக்கு இருந்த மாதிரி இல்ல, தடுப்பூசி வீட்டு வாசல் வரை வந்துடுச்சு. அதனால இன்னைக்கும் மரணம் பாதியாக் குறையும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா 2016–18இல் நடந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், நாடு முழுக்க ஒன்றிலிருந்து நாலு வயதுக் குழந்தைகளில் சுமார் 18 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் வைட்டமின் ஏ குறைவாக இருந்தது. அஞ்சு பேருக்கு ஒருத்தர் கிட்டத்தட்ட. மாலைக்கண் குழந்தையை இப்ப நாங்க அபூர்வமாத்தான் பார்க்கிறோம். அதாவது குறைபாடு இருக்கு, அட்டவணை சொல்லும் அறிகுறி இல்ல.

சரி, அப்போ ஒர்க்ஷீட்டை எப்படி மாத்தலாம்? எனக்குக் கேட்டா, பொருத்துகவுக்குப் பதிலா ஒரு குழந்தையைக் கொடுத்துக் கேள்வி கேட்கச் சொல்வேன். நானே ஒன்று எழுதிப் பார்க்கிறேன். கற்பனைக் குழந்தைதான், ஆனா எந்தக் குழந்தை மருத்துவரும் "நேத்துப் பார்த்தேனே" என்பார்.

செந்துறை பக்கம் ஒரு பெண் குழந்தை. வயசு ரெண்டு வருஷம் ரெண்டு மாசம். எடை 8.6 கிலோ, உயரம் 79 சென்டிமீட்டர். போன மாசம் ஒரு வாரம் பேதி, இப்ப நாலு நாளா இருமல். காலையில் டீயும் பன்னும். மதியம் ரசம் சோறு. ராத்திரி இட்லியும் சர்க்கரையும். முட்டை கொடுத்தா துப்புதுன்னு நிறுத்திட்டாங்க. கீரை குழந்தைக்குச் செரிக்காதுன்னு பாட்டி சொல்லிட்டாங்க. ஒன்பது மாசத்துல ஊசியோட சொட்டு மருந்து வாங்கினது அட்டையில் இருக்கு. ஒன்றரை வயசில் அம்மா வீட்டுக்குப் போயிருந்ததால வாங்கல. ராத்திரி கண் நல்லாத் தெரியுது. கண்ணில் திட்டு எதுவும் இல்ல. கேள்வி: இந்தக் குழந்தைக்கு எந்தச் சத்து குறைவு?

அட்டவணைப்படி பார்த்தா பதில் "எதுவும் இல்லை". எந்த நோயும் பொருந்தல.

நான் பார்க்கிற விதம் வேற. அந்த வயசுப் பெண் குழந்தைக்கு 9.4 கிலோவாவது இருக்கணும், இது 8.6. உயரமும் வயசுக்குக் குறைவு. கையின் மேல்பகுதியில் நாடா வைத்தால் 12 சென்டிமீட்டர். அங்கன்வாடி நாடாவில் அது மஞ்சள் பட்டை. திருச்சி ஆய்வில் அதிகப் பலன் அடைந்தது இந்த மாதிரி மூணு வயசுக்குக் கீழே, உயரம் குறைந்த குழந்தைகள்தான். தட்டுல பார்த்தா டீயில் இருக்கும் கொஞ்சம் பாலைத் தவிர வைட்டமின் ஏ ஏறக்குறைய பூஜ்யம். அரிசியிலும் ரசத்திலும் சொல்லிக்கிற மாதிரி இல்ல. போதாக்குறைக்குப் பேதி. பேதியில் சத்து உள்ளே ஏறுவது குறையும், காய்ச்சலில் இருக்கும் சேமிப்பும் வேகமாத் தீரும்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. வைட்டமின் ஏயை உடம்பு ஈரலில் சேர்த்து வைக்கும். அங்கிருந்து ரத்தத்துக்கு எடுத்துப் போக ஒரு புரதம் வண்டி மாதிரி வேணும். உணவில் புரதம் ரொம்பக் குறைஞ்சா அந்த வண்டியும் குறையும். சரக்கு இருந்தும் கடைக்கு வராது. குடலில் உறிஞ்சப்படுவதற்கு எண்ணெய் வேணும். வைட்டமின் ஏ குறைஞ்சா சேமிப்பில் இருக்கும் இரும்பைக்கூட உடம்பால் சரியா எடுத்து ரத்தம் ஊற வைக்க முடியாது, ரத்தசோகை வரும். ஒர்க்ஷீட்டில் புரதம் ஒரு வரி, கொழுப்பு ஒரு வரி, இரும்பு ஒரு வரி, வைட்டமின் ஏ ஒரு வரி. குழந்தையோட உடம்புல இந்த நாலு வரியும் ஒன்னு மேல ஒன்னு கிடக்கு.

இந்தக் குழந்தைக்கு இருமலைப் பார்த்து வைத்தியம் செய்வதோட, விட்டுப்போன வைட்டமின் ஏ டோஸை இன்னைக்கே கொடுக்கணும், 2 மில்லி. அடுத்தது ஆறு மாசம் கழிச்சு. சோத்துல முருங்கைக்கீரை. செரிக்காதுன்னு பயப்பட வேண்டாம். காம்பு இல்லாம இலையை மட்டும் வேகவைத்து, பருப்போட மசித்து, மேலே ஒரு ஸ்பூன் எண்ணெயோ நெய்யோ. எண்ணெய் இல்லாம கொடுக்கும் கீரையில் பாதி வீண். முட்டையை முழுசாக் கொடுத்தா துப்பும். மஞ்சள் கருவை மட்டும் அதே சோத்துல உதிர்த்துப் பிசைஞ்சுடுங்க. வைட்டமின் ஏ இருப்பது மஞ்சள் கருவில்தான், ஒரு முட்டையில் சுமார் 80 மைக்ரோகிராம், நாள் தேவையில் அஞ்சில் ஒரு பங்கு. பப்பாளி, மாம்பழம், மஞ்சள் பூசணி எது கிடைக்குதோ அது. காசு போட்டு டின் பவுடர் வாங்க வேண்டிய அவசியம் எதுவும் இல்ல.

டோஸ் பற்றி நிறைய பேருக்குக் குழப்பம் இருப்பதால கொஞ்சம் தெளிவாச் சொல்லிடறேன். நம்ம நாட்டில் இந்தத் திட்டம் 1970இலிருந்து இருக்கு. ஒன்பது மாசத்தில் தட்டம்மை–ரூபெல்லா ஊசியோட 1 மில்லி, அதாவது 1 லட்சம் யூனிட். ஒன்றரை வயசில் 2 மில்லி. அப்புறம் ஆறு மாசத்துக்கு ஒருமுறை 2 மில்லி, அஞ்சு வயசு வரை. மொத்தம் ஒன்பது தடவை. பாட்டிலோட வரும் ஸ்பூனில் 1 மில்லிக்கும் 2 மில்லிக்கும் கோடு இருக்கும். முதல் ரெண்டு டோஸும் ஊசியோட சேர்ந்து வருவதால பெரும்பாலும் தவறாது. ரெண்டு வயசுக்கு அப்புறம் வருவதெல்லாம் தனியா வருவது; அங்கேதான் நழுவுது. குழந்தைக்குத் தட்டம்மை, நம்ம பக்கம் மணல்வாரின்னு சொல்றோமே அது வந்தா, முன்னாடி வாங்கியிருந்தாலும் வைட்டமின் ஏ ரெண்டு நாள் தொடர்ந்து கொடுக்கணும். "அம்மா இறங்கியிருக்கா, மருந்து கொடுக்கக்கூடாது"ன்னு வீட்டிலேயே வெச்சுக்காதீங்க, அந்த நேரத்தில்தான் உடம்பில் இருக்கும் வைட்டமின் ஏ மளமளன்னு கரையும்.

ஒரு எச்சரிக்கை. இதைப் படிச்சுட்டு மெடிக்கல்ல போய் வைட்டமின் ஏ மாத்திரை வாங்கி நீங்களாக் கொடுக்காதீங்க. இது சிறுநீரில் வெளியே போகும் சத்து இல்ல, ஈரலில் தேங்கும். அதிகமாப் போனா வாந்தி, தலைவலி, கைக்குழந்தைக்கு உச்சி வீக்கம் வரும். கர்ப்பிணிகள் பெரிய டோஸ் எடுத்தா வயிற்றுக் குழந்தைக்கு ஊனம் வரும் ஆபத்து உண்டு. முருங்கைக்கீரை, பப்பாளிப் பழம், மாம்பழத்தில் அந்தப் பயம் இல்ல. அதிலிருந்து உடம்பு தனக்கு வேண்டியதை மட்டும் மாத்திக்கும்.

இப்ப வீட்டில் அஞ்சு வயசுக்குக் கீழே குழந்தை இருக்கிறவங்க தடுப்பூசி அட்டையை எடுத்து, ஊசிக் கட்டங்களுக்குக் கீழே வைட்டமின் ஏ என்ற வரிசையைப் பாருங்க. கடைசித் தேதி போட்டு ஆறு மாசம் தாண்டியிருந்தா, துணை சுகாதார நிலையத்தில் புதன்கிழமை தடுப்பூசி நாளில் செவிலியரிடம் அட்டையோட போய்க் கேளுங்க. அட்டையே தொலைஞ்சிருந்தாலும் போங்க, அவங்ககிட்ட பதிவு இருக்கும்.